பரிசுச் சீட்டும் பந்தயக் குதிரையும் ஒரே சட்டத்தில் ஏன் இல்லை?

பத்தாம் வகுப்புக் குடிமையியலில் ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்றையும் நடத்தும்போது மாணவர்கள் எண்ணிக்கையைத்தான் முதலில் மனப்பாடம் செய்கிறார்கள். எந்தத் துறை எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது அடுத்து வரும். ஏன் அங்கே இருக்கிறது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. அந்தக் கேள்வியை எழுப்ப எனக்குத் தெரிந்து சூதாட்டத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. லாட்டரி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம் ஆகிய மூன்றும் பணம் வைத்து ஆடுபவைதான் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நம் நாட்டுச் சட்டம் மூன்றையும் மூன்று இடங்களில் வைத்திருக்கிறது.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையைத் திறந்தால் மாநிலப் பட்டியலில் 34-ஆவது பதிவு 'பந்தயம் கட்டுதலும் சூதாட்டமும்'. லாட்டரியும் இதற்குள்தானே வர வேண்டும்? வரவில்லை. ஒன்றியப் பட்டியலின் 40-ஆவது பதிவைப் பார்க்க வேண்டும். அங்கே 'இந்திய அரசோ ஒரு மாநில அரசோ நடத்தும் லாட்டரிகள்' என்று இருக்கிறது. 'அரசு நடத்தும்' என்ற சொற்களை வகுப்பில் அடிக்கோடிடச் சொல்லுங்கள். தனியார் ஒருவர் லாட்டரி நடத்தினால் அது வெறும் சூதாட்டம், மாநிலத்தின் கையில். அரசே நடத்தினால் அதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும்.

காரணம் எளிது. குதிரை ஓடும் மைதானம் ஓர் ஊரில் இருக்கிறது. சீட்டாடும் விடுதியும் ஒரு தெருவில் இருக்கிறது. அந்த மாநிலக் காவல்துறை போய் மூடலாம். பரிசுச் சீட்டோ ஒரு துண்டுக் காகிதம். ஒரு மாநிலத்தில் அச்சாகி ஐந்து மாநிலங்களில் விலை போகும். பணம் வாங்குபவர் ஒரு மாநிலத்தில், பணத்தை இழப்பவர் இன்னொரு மாநிலத்தில். இரண்டு அரசுகளுக்கு இடையே வரும் இந்தத் தகராறை அவற்றில் ஒன்று தீர்க்க முடியாது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலேயே அரசு லாட்டரி மத்தியப் பட்டியலிலும் சூதாட்டம் மாகாணப் பட்டியலிலும் இருந்தன. அந்த ஏற்பாடே தொடர்ந்தது.

அரசியல் நிர்ணய சபையில் 1949-இல் சூதாட்டம் பற்றிய பதிவு விவாதத்துக்கு வந்தபோது, இப்படி ஒன்று அரசியலமைப்பில் இருக்கவே கூடாது, எடுத்துவிடுங்கள் என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். காந்தியின் நாட்டில் சூதாட்டத்துக்கு இடமா என்பது அவர்கள் ஆதங்கம். அம்பேத்கரின் பதில் பாடமாக வைக்கத் தகுந்தது. பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் சூதாட்டம் ஒழிந்துவிடாது. அதைத் தடுக்கும் அதிகாரம்தான் மாகாணங்களுக்கு இல்லாமல் போகும். இந்தப் பதிவு அனுமதிக்கவும் பயன்படும், தடுக்கவும் பயன்படும் என்றார் அவர். பட்டியல் என்பது அனுமதிச் சீட்டு அல்ல, யார் முடிவெடுப்பது என்று சொல்லும் ஏற்பாடு என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

இப்போது ஒரு சீட்டைப் பின்தொடர்வோம். கேரளம் 1967-இல் அரசு லாட்டரியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1968-இல் அண்ணா ஆட்சியில் தொடங்கியது. 1975-இல் நிறுத்தப்பட்டு, பின்னர் மீண்டும் வந்து, 2003 சனவரியில் எல்லா லாட்டரிகளும் தடை செய்யப்பட்டன. பாலக்காடு பேருந்து நிலையத்தில் இன்று ஒருவர் கேரள அரசின் சீட்டு விற்கிறார். அவர் செய்வது சட்டப்படியான தொழில். அதே கட்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு வாளையாறு தாண்டி வந்து கோவையில் விற்றால் காவல்துறை கைது செய்யும். இடையில் இருப்பது சில கிலோமீட்டர் தூரம்தான்.

ஒரு மாநில அரசின் சீட்டை இன்னொரு மாநிலம் தடுக்கலாமா? நெடுங்காலம் முடியாமல் இருந்தது. தன் லாட்டரியை நடத்திக்கொண்டே வெளிமாநிலச் சீட்டுகளைத் தடுக்க முயன்றது மகாராஷ்டிரம். அந்தத் தடை செல்லாது என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அரசு லாட்டரி ஒன்றியப் பட்டியலுக்கு உரியது, ஆகவே மாநிலத்துக்கு அதில் கைவைக்க இடமில்லை. வெளிமாநிலச் சீட்டு விற்பனை பெருகியது. ஒற்றை எண் லாட்டரி, ஒரு நாளில் பல குலுக்கல் என்று அது கூலித் தொழிலாளியின் அன்றாடச் சம்பளத்தைத் தின்றது. அந்த ஆண்டுகளில் கடைவீதிகளைப் பார்த்த ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாடாளுமன்றம் 1998-இல்தான் லாட்டரிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. ஒற்றை எண்ணுக்குப் பரிசு கூடாது. சீட்டை அரசே தன் முத்திரையுடன் அச்சிட வேண்டும். விற்பனைப் பணம் அரசுக் கணக்குக்குப் போக வேண்டும். குலுக்கலை அரசே தன் மாநிலத்துக்குள் நடத்த வேண்டும். ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கல்தான். கேரளத்தில் ஒவ்வொரு கிழமைக்கும் வெவ்வேறு பெயரில் சீட்டு வருவது இந்த விதியால்தான்: பெயர் வேறானால் லாட்டரியும் வேறு. இதை நான் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, "அப்ப சட்டம் போட்டு என்ன பிரயோசனம் டீச்சர்?" என்றாள். நியாயமான கேள்வி.

இதே சட்டத்தின் 5-ஆவது பிரிவு, பிற மாநில அரசுகளின் சீட்டுகளைத் தன் எல்லைக்குள் தடை செய்யும் அதிகாரத்தை மாநிலத்துக்குத் தந்தது. மாநிலத்திடம் இல்லாத அதிகாரத்தை நாடாளுமன்றம் கொடுத்தது என்று பொருள். 1999-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்றது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. தன் சொந்த லாட்டரியை நடத்தும் மாநிலம் அடுத்த மாநிலத்தின் சீட்டைத் தடுக்கக் கூடாது; தடுப்பதானால் தன்னுடையதையும் விட வேண்டும். தீமை என்பதால் தடுக்கிறாயா, போட்டி என்பதால் தடுக்கிறாயா என்ற கேள்வி இது. தமிழ்நாடு 2003-இல் தன் லாட்டரியையும் சேர்த்து நிறுத்தியதால்தான் கோவையில் கேரளச் சீட்டைத் தடுக்க முடிகிறது. நாளை தமிழ்நாடு மீண்டும் பரிசுச் சீட்டு அச்சிட்டால் வாளையாறு திறந்துவிடும்.

குதிரைப் பந்தயம் பிரிந்த வழி வேறு. அது மாநிலப் பட்டியலுக்குள்தான் இருக்கிறது. அதைப் பிரித்தது பட்டியல் அல்ல, 'திறமை' என்ற சொல். சென்னை நகருக்கு 1888-ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டம், வெளியே மற்ற ஊர்களுக்கு 1930-ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டம் என்று நமக்கு இரண்டு பழைய சட்டங்கள் உண்டு. இரண்டிலும், திறமையால் ஆடும் விளையாட்டுக்கு இந்தத் தண்டனை பொருந்தாது என்ற விலக்கு இருக்கிறது. அந்த வாக்கியம் சிறியது. ஆனால் அரை நூற்றாண்டு வழக்குகள் அதைச் சுற்றியே நடந்தன. பரிசுப் போட்டிகள் பற்றிய 1957-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், சூதாட்டம் வணிகமே அல்ல, அதற்கு அடிப்படை உரிமையின் பாதுகாப்பு இல்லை, ஆனால் திறமை மேலோங்கி நிற்கும் போட்டிக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் கோடு கிழித்தது. 1968-இல் ரம்மி அந்தக் கோட்டுக்கு இப்பால் வந்தது.

தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-இல் சட்டம் கொண்டுவந்தது. 1986-இல் சென்னை ரேஸ் கிளப்பையே எடுத்துக்கொள்ளும் சட்டத்தையும் இயற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996 சனவரியில் தீர்ப்பு வந்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, முந்தைய ஓட்டங்கள், அது சுமக்கும் எடை, ஜாக்கியின் திறன் ஆகியவைதான் வெற்றியை முடிவு செய்கின்றன. குலுக்கலைப் போல் குருட்டு வாய்ப்பு அல்ல. ஆகவே இது திறமை விளையாட்டு என்றது நீதிமன்றம். 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் செல்லாமல் போனது.

இங்கே பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்: திறமை குதிரைக்கும் ஜாக்கிக்கும்தானே, பணம் கட்டியவருக்கு என்ன திறமை? பந்தயம் கட்டுபவரும் இந்த விவரங்களை எடைபோட்டு, தன் அறிவைப் பயன்படுத்தித் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருக்கிறது என்பது நீதிமன்றத்தின் பதில். எனக்கு இந்தப் பதில் முழுதாக நிறைவளிக்கவில்லை; மைதானத்துக்கு வரும் எல்லோரும் குதிரையின் வம்சாவளியைப் படித்துவிட்டு வருவதில்லை. இருந்தாலும் சட்டம் இன்று அதுதான். வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதிடச் செய்யத் தோதான இடம் இது.

1998-ஆம் ஆண்டுச் சென்னையைக் கரும்பலகையில் வரைந்து காட்டலாம். கடைவீதியில் அரசுப் பரிசுச் சீட்டு விற்கிறார்கள், சட்டப்படி. கிண்டியில் குதிரை ஓடுகிறது, தீர்ப்புப்படி. ஏதோ ஒரு மாடியறையில் மூன்று சீட்டு ஆடுகிறார்கள், அங்கே மட்டும் காவலர் கதவைத் தட்டுகிறார். மூன்று இடத்திலும் பணம் போவது ஒரே மாதிரிக் குடும்பங்களிலிருந்து.

காசினோவுக்கு இந்த இரண்டு கதவும் இல்லை. அரசு நடத்துவதில்லை, திறமையும் இல்லை. ரூலெட் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். ஒற்றைச் சுழியம் உள்ள சக்கரத்தில் 37 குழிகள். ஓர் எண்ணில் கட்டி வென்றால் 35 மடங்கு லாபம் தருவார்கள். 37 முறை ஒரு ரூபாய் வீதம் கட்டினால் சராசரியாக ஒரு முறை வென்று, கட்டிய ரூபாயோடு 36 ரூபாய் திரும்பும். ஒரு ரூபாய் விடுதிக்கு. கணித ஆசிரியர்கள் நிகழ்தகவுப் பாடத்தில் இதைப் பயன்படுத்தலாம். ஆடுபவர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் இந்த ஒரு ரூபாய் மாறாது. எனவே மாநிலம் தனியாக, வெளிப்படையாக அனுமதித்தால் மட்டுமே காசினோ உண்டு. கோவா தன் 1976-ஆம் ஆண்டுச் சூதாட்டத் தடைச் சட்டத்தை 1992-இல் திருத்தி ஐந்து நட்சத்திர விடுதிகளில் காசு போட்டு ஆடும் இயந்திரங்களை அனுமதித்தது. 1996-இல் மேசை ஆட்டங்களைக் கப்பலில் அனுமதித்தது. சிக்கிம் 2002-இல் காசினோவுக்கென்றே சட்டம் இயற்றியது. இங்கே கட்டுப்பாடு ஆட்டத்தின்மீது அல்ல, இடத்தின்மீது: எந்த விடுதி, எந்தக் கப்பல், யாருக்கு உரிமம்.

நடத்துபவர் யார், முடிவு செய்வது எது, நடக்கும் இடம் எது என்ற இந்த மூன்று கேள்விகளையும் கைப்பேசி ஒரே நேரத்தில் குழப்பிவிட்டது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் பொதுவாக ஏற்றது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டாகச் சேர்த்த அட்டவணையை நீக்கியது. அதே பழைய 'திறமை' விலக்குதான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அந்த விலக்கையே ஒதுக்கியது. பணம் கட்டி இணையத்தில் ஆடுவது திறமையானாலும் வாய்ப்பானாலும் தடை என்கிறது. சூதாட்டம் மாநிலப் பட்டியலில் இருக்கும்போது நாடாளுமன்றம் எந்தப் பதிவின்கீழ் இதைச் செய்தது என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒன்றியப் பட்டியலைக் கையில் கொடுத்து, தொலைத்தொடர்பு, மாநிலங்களுக்கு இடையேயான வணிகம் ஆகிய பதிவுகளை அவர்களே தேடி எடுக்கட்டும்.