கணக்கை மாற்றியாயிற்று, பழைய பங்கிலாபம் எங்கே?

கற்பிட்டியில் கருவாட்டு வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவர் 2025 பெப்ரவரியில் ஒரு கோப்போடு என் கடைக்கு வந்தார். பட்டியலிடப்பட்ட ஒரு கம்பனியில் அவருக்கு 2,000 பங்குகள் உண்டு. வட்டிக் கணக்கு வேண்டாம் என்று 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பழைய சேமிப்புக் கணக்கை மூடிவிட்டு, இஸ்லாமிய வங்கியொன்றில் கணக்குத் திறந்திருந்தார். அமானா வங்கி 2011 ஆகஸ்டில் பணியைத் தொடங்கிய பிறகு, எனக்குத் தெரிந்த வியாபாரிகள் பலர் இப்படித்தான் மாறினார்கள். கம்பனிக்குச் சொல்ல மட்டும் ஹாஜியார் மறந்துபோனார். 2023 கடைசியில்தான் பங்குத் தரகர் மூலம் புதிய கணக்கைப் பதிந்தார்.

“தம்பி, புதுசா அறிவிச்ச பங்கிலாபம் ஒழுங்கா வருது. பழசு மட்டும் வரல்லியே. கணக்கை மாத்திக் குடுத்தாப் போதும்னுதானே சொன்னாங்க?” என்றார்.

வாசகர்களில் பலரும் தவறும் இடம் இதுதான். தரகர் மாற்றிக் கொடுப்பது சீ.டீ.எஸ். எனப்படும் மத்திய வைப்புத் திட்டத்தில் உள்ள விபரத்தை. அடுத்த பங்கிலாபம் அறிவிக்கப்படும்போது கம்பனிக்குப் போகும் பட்டியலில் புதிய கணக்கு இருக்கும். ஆனால் முன்னர் அனுப்பித் திரும்பிய பணம் தானாகப் புறப்பட்டு வராது. அது கம்பனியின் ஏட்டில் ‘கோரப்படாத பங்கிலாபம்’ என்ற தலைப்பின் கீழ்க் கிடக்கும். அதைப் பங்குப் பதிவாளரிடம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பங்குகள் சீ.டீ.எஸ்.ஸில் இல்லாமல் காகிதச் சான்றிதழாகவே இருப்பவர்களுக்கு வங்கி விபரத்தை மாற்றும் இடமும் பதிவாளரேதான்.

பதிவாளர் யார் என்பதைக் கம்பனியின் ஆண்டறிக்கையில் கம்பனி விபரங்கள் உள்ள பக்கத்தில் பார்க்கலாம். சில கம்பனிகள் தாமே அந்த வேலையைச் செய்கின்றன. வேறு சில, எஸ்.எஸ்.பீ. கோர்ப்பரேட் சேர்விசஸ், பீ.டபிள்யூ. கோர்ப்பரேட் செக்ரடேரியல் போன்ற கொழும்பு நிறுவனங்களிடம் ஒப்படைத்திருக்கின்றன.

கேட்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பணம் உண்மையிலேயே திரும்பியதா? கணக்கு மூடப்பட்டிருந்தால் ஸ்லிப்ஸ் வழியாக வந்த பணத்தை வங்கி திருப்பி அனுப்பும். அது பதிவாளரிடம் இருக்கும். கணக்கை மூடாமல் சும்மா விட்டிருந்தால் பணம் அதில் விழுந்திருக்கக்கூடும். அப்போது பதிவாளர் “செலுத்தியாயிற்று” என்று திகதியைச் சொல்லிவிடுவார். நாம் தேட வேண்டியது பழைய வங்கியில். பத்து வருடம் கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கின் பணம் வங்கிச் சட்டப்படி மத்திய வங்கிக்குப் போய்விடும் என்றாலும், அதையும் பழைய வங்கி மூலம் கேட்டுப் பெறலாம். ஹாஜியாரிடம் கணக்கை மூடிய கடிதம் இருந்தது நல்லதாயிற்று.

அவருடைய கோப்பைப் பிரித்துப் பார்த்ததில் நான்கு பங்கிலாபம் நிலுவையில் நின்றது. 2017இல் வரி போக 3,600 ரூபா. 2019 ஆகஸ்டில் பங்குக்கு 3 ரூபா வீதம் 6,000. அப்போதிருந்த 14 வீத வரி 840 போக 5,160. 2021இல் பங்குக்கு 2.50 வீதம் 5,000. அந்த வருடம் இந்தப் பிடித்தம் இல்லை. 2023இல் பங்குக்கு 4 ரூபா வீதம் 8,000. 15 வீதம் போக 6,800. வரி என்பது பங்கிலாபம் கொடுக்கப்பட்ட காலத்திலேயே கழிக்கப்பட்ட ஒன்று. ஆகவே இன்றைய வீதத்தை எல்லா வருடத்துக்கும் போட்டுக் கணக்குப் பார்த்தால் தொகை பொருந்தாது. தாமதத்துக்கு வட்டியும் கிடைக்காது; நமக்கு அது வேண்டியதும் இல்லை.

2021ஆம் வருடத்துப் பணம் காசோலையாகவே வந்து, கடைப் பேரேட்டுக்குள் மடித்தபடி இருந்தது. ஆறு மாதம் கடந்த காசோலையை வங்கி ஏற்காது. கிழித்துப் போடாமல் அசலையே கடிதத்தோடு திருப்பி அனுப்ப வேண்டும். தொலைந்திருந்தால் பதிவாளர் பொறுப்பேற்புப் பத்திரம் கேட்பார்.

நாங்கள் எழுதிய கடிதம் நீளமானதல்ல: “என்னுடைய சீ.டீ.எஸ். இலக்கம் இது. பின்வரும் வருடங்களின் பங்கிலாபம் நான் கணக்கை மூடியதால் கிடைக்கவில்லை. அவற்றைக் கீழ்க்காணும் கணக்குக்கு அனுப்பவும். இதைத் தவிர நிலுவை ஏதும் இருந்தால் அதையும் அறியத் தரவும்.” அந்தக் கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள்; நமக்கு நினைவில்லாத வருடம் ஒன்று அங்கே இருக்கலாம். கடிதத்தோடு அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதி, கணக்கு மூடிய கடிதம், அந்தப் பழைய காசோலை எல்லாம் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. மூன்று குறை சொல்லியிருந்தார்கள்.

முதலாவது, ஹாஜியார் கொடுத்தது கடையின் நடைமுறைக் கணக்கு. கடை அவருடையதுதான், ஆனால் பங்கு அவருடைய சொந்தப் பெயரில் இருக்கிறது. வியாபாரப் பெயருக்கோ மகனின் கணக்குக்கோ பதிவாளர் அனுப்பமாட்டார். பங்குதாரரும் ஒருவராக உள்ள கூட்டுக் கணக்கைப் பலர் ஏற்கிறார்கள். சொந்தக் கணக்கே சிக்கலில்லாதது.

இரண்டாவது, பெயர். பங்கேட்டில் ‘மொஹமட்’, வங்கியில் ‘முஹம்மது’, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்துக் கூட்டல். நம் பெயர்களுக்கு ஆங்கில எழுத்தில் எத்தனை உருவம் என்று அல்லாஹ்தான் அறிவான். இவை மூன்றும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்தோம். அடையாள அட்டை இலக்கமும் அப்படித்தான்: பங்கேட்டில் பழைய ஒன்பது இலக்கமும் ‘வீ’ எழுத்தும், கையில் புதிய பன்னிரண்டு இலக்க அட்டை. பழையதன் முன்னே 19 சேர்ந்து, நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பின் ஒரு சுழியம் நுழைந்தால் புதியது வரும். உதாரணமாக 651234567வீ என்பது 196512304567 ஆகும். இதை ஒரு வரியில் கடிதத்திலேயே எழுதிவிட்டால் கேள்வி வராது.

மூன்றாவது, கையொப்பம். இருபது வருடத்துக்கு முன் போட்ட கையொப்பம் இப்போது நடுங்கும் கையில் வரவில்லை. வங்கி முகாமையாளர் முன் ஒப்பமிட்டு, அவருடைய முத்திரையோடு உறுதிப்படுத்தி வாங்கினோம்.

இரண்டாம் தடவை கணக்கிலக்கத்தோடு நான்கு இலக்க வங்கிக் குறியீட்டையும் மூன்று இலக்கக் கிளைக் குறியீட்டையும் எழுதினோம். கணக்கிலக்கம் சுழியத்தில் தொடங்கினால் அந்தச் சுழியத்தையும் எழுத வேண்டும். கிளைக் குறியீடு பிழைத்தால் பணம் மீண்டும் திரும்பும். இந்தச் சுற்று முழுவதும் மறுபடி தொடங்கும். இடையில் தொலைபேசியில் யாராவது கடவு இலக்கமோ, கைபேசிக்கு வரும் இரகசிய இலக்கமோ கேட்டால் கொடுக்க வேண்டாம். பணம் போடுவதற்கு அவை தேவையே இல்லை.

ஏப்ரல் மாதம் லுஹருக்குப் பின் ஹாஜியார் வந்தார். 2019, 2021, 2023 ஆகிய மூன்றும் சேர்ந்து 16,960 ரூபா கணக்கில் விழுந்திருந்தது. 2017ஆம் வருடத்து 3,600 மட்டும் வரவில்லை. ஆறு வருடம் கோரப்படாத பங்கிலாபத்தைப் பணிப்பாளர் சபை கம்பனிக்கே சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்தக் கம்பனியின் யாப்பு விதியில் இருக்கிறதாம். நான் பார்த்த வேறு கம்பனிகளின் விதிகளிலும் இந்த ஆறு வருடம் இருக்கிறது. உங்கள் கம்பனியின் விதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2013ஆம் வருடக் கம்பனிச் சட்டப்படி ஏழு வருடம் கோராத பங்கிலாபம் அரசின் நிதியம் ஒன்றுக்குப் போகிறது. அங்கிருந்து திரும்பக் கேட்க வழியுண்டு. இங்கே விதிப்படி கம்பனிக்குச் சேர்ந்துவிட்டால் பணிப்பாளர் சபையிடம் வேண்டுகோள் வைக்கலாம். தருவது அவர்கள் விருப்பம்.

2019ஆம் வருடத்து 5,160க்கும் ஆறு வருடம் நிறைய நான்கு மாதம்தான் மிச்சமிருந்தது. ஹாஜியார் அதைக் கேட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, கையில் வராத வருடங்களுக்கு இந்தப் பணத்துக்கு ஸகாத் உண்டா என்று கேட்டார். ஆலிமிடம் கேளுங்கள் என்று பள்ளிவாசல் பக்கம் கை காட்டினேன்.