முட்டை ரொட்டி மறுநாள் உலர்வது ஏன்?

வெண்ணெயும் முட்டையும் சேர்ந்த ரொட்டியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர், மறுநாளே "காய்ந்துவிட்டதே" என்று திருப்பிக் கொண்டுவந்தால் நட்டம் நமக்குத்தான். முட்டை அதிகம் சேர்த்தால் ரொட்டி மென்மையாக இருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான்.

ஓடு நீக்கிய முட்டை ஏறத்தாழ 50 கிராம் இருக்கும். அதில் வெள்ளைக்கரு 33 கிராம், மஞ்சள்கரு 17 கிராம். வெள்ளைக்கருவில் பெரும்பகுதி நீர், மீதி பெரும்பாலும் புரதம். வேகும்போது இப்புரதம் இறுகி ரொட்டிக்கு உயரமும் உறுதியும் தரும். அளவு மிஞ்சினால் உட்பகுதி ரப்பர் போலாகி, விரைவில் உலர்ந்துவிடும். மஞ்சள்கருவில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அதிலுள்ள லெசித்தின் என்னும் பொருள் நீரையும் கொழுப்பையும் இணைத்துவைக்கும். இதனால் உட்பகுதி பொலபொலவென்று மென்மையாகி, கெட்டிப்படுவதும் தாமதமாகும்.

ஒரு கிலோ மைதா, 150 கிராம் சர்க்கரை, 150 கிராம் வெண்ணெய், 4 முட்டை போடும் பேக்கரியை எடுத்துக்கொள்வோம். ரொட்டி உயரமாக வருகிறது, ஆனால் மறுநாள் வறள்கிறது. இங்கே 4 முட்டைக்குப் பதில் 2 முழு முட்டையும் 4 மஞ்சள்கருவும் சேர்க்கச் சொல்லலாம். முன்பு முட்டையிலிருந்து கிடைத்த நீர் சுமார் 150 கிராம். இப்போது 110 கிராம்தான். ஆகவே 40 மில்லி தண்ணீர் கூடுதலாக ஊற்ற வேண்டும். இதை மறந்தால் மாவு கெட்டியாகி, மாற்றியதன் பயன் கிடைக்காது.

நிறத்தைப் பார்த்து முட்டையின் அளவைக் கணிக்க முடியாது. மஞ்சள்கருவின் நிறம் கோழி தின்ற தீவனத்தைப் பொறுத்தது. மக்காச்சோளம் தின்ற கோழியின் கரு அடர்மஞ்சளாக இருக்கும். மேல்தோல் சிவப்பதற்குக் காரணம் முட்டைப் புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்வது. சாதா ரொட்டிக்குரிய கடும் சூட்டில் வைத்தால் மேலே கருகி, உள்ளே வேகாமல் நிற்கும். 180 டிகிரி அளவே போதும்.

கடைக்காரர் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. மஞ்சள்கரு ரொட்டி கெட்டிப்படுவதைத் தள்ளிப்போடுமே தவிர, பூஞ்சையைத் தடுக்காது. அமுக்கிப் பார்க்க மெத்தென்றிருக்கும் ரொட்டியிலும் பூஞ்சை பிடித்திருக்கலாம். சூடு ஆறும் முன் உறையிட்டால், உள்ளே வியர்த்து இது விரைவாகும். குளிர்பெட்டி பூஞ்சையைத் தாமதப்படுத்தும். ஆனால் ரொட்டியைச் சீக்கிரம் கெட்டியாக்கிவிடும். எனவே சரக்கு எடுக்கும்போது மென்மையை நம்பாமல், சுட்ட தேதியைக் கேட்டு, இரண்டு நாளில் விற்கும் அளவே எடுப்பது நலம். உறையில் முட்டைக்குரிய அசைவக் குறி உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்வோம்.