பச்சையைக் காட்டுகிறது, பாதையைக் காட்டவில்லை

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சதுரகிரி போய் வந்தோம். தாணிப்பாறைக்கு மேலே டவர் கிடைக்காது என்று கேள்விப்பட்டு, முந்தின நாள் ராத்திரியே கூகுள் மேப்பில் ஆஃப்லைன் மேப் இறக்கி வைத்துக்கொண்டோம். ஏறத் தொடங்கியதும் என் போனில் நீலப் புள்ளி ஒழுங்காக நகர்ந்தது. ஆனால் சுற்றிலும் வெறும் பச்சை. கோயிலுக்கு வழி கேட்டால் வழி இல்லை என்கிறது. நண்பனின் போன் இன்னும் மோசம். முக்கால் மணி நேரம் ஏறிய பிறகும் அவனுடைய புள்ளி வத்திராயிருப்பிலேயே உட்கார்ந்திருந்தது. இறங்கும்போது ஒரு கிளைப்பாதையில் தவறிப் போய்த் திரும்பினோம். அதற்குள் மூன்று போனில் சார்ஜ் காலி. மேப் சரியாக இறங்கவில்லையா? அடுத்து ஆடி அமாவாசைக்குப் போகலாம் என்று இருக்கிறோம்.

- ஒரு வாசகர், சங்கரன்கோவில்

பதில்: மேப் சரியாகத்தான் இறங்கியிருக்கிறது. உங்களுக்கு நடந்தது மூன்று தனித்தனி கோளாறு. மலை மேலே நிற்கும்போது மூன்றும் ஒன்றுபோலத் தெரியும், அவ்வளவுதான்.

முதலில் அந்தப் பச்சை. கூகுள் மேப்பில் நீங்கள் இறக்கி வைத்தது முக்கியமாகச் சாலைகளுக்கான மேப். நெட் இல்லாதபோது அது வண்டிக்கு மட்டும்தான் வழி சொல்லும், நடைவழி சொல்லாது. தாணிப்பாறையோடு வண்டிப் பாதை முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே வழி கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதைகளும் அதில் பெரும்பாலும் இருக்காது. இன்னும் பத்து முறை இறக்கினாலும் அதே பச்சைதான் வரும்.

நடைபாதை வேண்டுமென்றால் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தகவலை வைத்து ஓடும் செயலி வேண்டும். அது 2004-இல் தொடங்கிய திட்டம். நடந்தவர்கள் தாங்கள் நடந்த வழியைத் தாங்களே வரைந்து சேர்ப்பதால் ஒற்றையடிப் பாதை, ஓடை, ஊற்று எல்லாம் அதில் ஏறிவிடுகின்றன. Organic Maps, OsmAnd இரண்டும் அந்த வகை. Organic Maps-இல் தமிழ்நாட்டை இறக்கிக்கொண்டால் போதும். வீட்டு வைஃபையில் சீக்கிரம் முடிந்துவிடும்.

இறக்கியதோடு விட்டுவிடாதீர்கள். புறப்படுவதற்கு முந்தின நாள், சங்கரன்கோவிலில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில போன்களில் அது மட்டும் அணையாமல் நின்று ஏமாற்றும். இப்போது செயலியைத் திறந்து தாணிப்பாறையைத் தேடுங்கள். பெயரைத் தமிழில் அடித்தால் வராமல் ஆங்கிலத்தில் அடித்தால் வரலாம், நேர்மாறாகவும் நடக்கும். கிடைத்ததும் புக்மார்க் போட்டுவிடுங்கள். மலையில் நின்றுகொண்டு எழுத்துக்கூட்டிப் பார்க்க நேரமிருக்காது.

அடுத்து நடைவழி கேளுங்கள். இங்கே எல்லோரும் ஒரு தப்புச் செய்வார்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கேட்டால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகச் சாலையோரமாக நடக்கச் சொல்லும். அது நமக்கு வேண்டாம். தாணிப்பாறை அடிவாரத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து அதைத் தொடக்க இடமாக வையுங்கள். சுந்தர மகாலிங்கம் கோயிலை முடிவிடமாக வையுங்கள். மலைப்பாதையிலேயே ஒரு கோடு ஏறிப் போனால் மேப்பும் இருக்கிறது, பாதையும் இருக்கிறது என்று அர்த்தம். அப்படி வராமல் மலையைச் சுற்றிக்கொண்டு எங்கோ சாலை வழியாக நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் காட்டினால் பதறாதீர்கள். வரைந்தவர் இரண்டு துண்டுக் கோடுகளின் முனையை ஒட்டாமல் விட்டிருப்பார். கண்ணுக்கு ஒரே கோடாகத் தெரியும். செயலிக்கு அது அறுந்த பாலம். நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால் இடைவெளி தெரியும். அந்த மாதிரி இடத்தில் வழி கேட்காமல், கோட்டைக் கண்ணால் பார்த்தே நடக்க வேண்டியதுதான்.

இன்னொன்றையும் அதே திண்ணையில் முடித்துவிடலாம். ஏற்கெனவே பலமுறை ஏறியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோட்டைக் காட்டுங்கள். வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பசாமி என்று அவர் வரிசை சொல்லச் சொல்ல நீங்கள் புக்மார்க் போடுங்கள். ஓடையைக் கடக்கும் இடங்களைத் தனி நிறத்தில் குறியுங்கள். 2015 மே மாதம் இதே மலையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். மேப்பில் ஓடை எப்போதும் ஒரே மெல்லிய நீலக் கோடுதான்; அதில் தண்ணீர் எவ்வளவு என்று அது சொல்லாது. ஆனால் மேலே மழை இருட்டும்போது, நமக்கும் அடிவாரத்துக்கும் நடுவில் இன்னும் எத்தனை ஓடை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க அந்தக் குறி உதவும்.

இனி நண்பரின் போன். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் பேசுவதை போன் காதால் கேட்கிறது, அவ்வளவே. ஆனால் எந்தச் செயற்கைக்கோள் இப்போது சரியாக எங்கே இருக்கிறது என்ற விவரம் முதலில் வேண்டும். நெட் இருந்தால் போன் அதை நொடியில் இறக்கிக்கொள்ளும். நெட் இல்லாவிட்டால் செயற்கைக்கோளே சொல்லிக் கேட்க வேண்டும். ஜிபிஎஸ்ஸில் அது வரும் வேகம் நொடிக்கு 50 பிட். அதனால் ஒவ்வொரு செயற்கைக்கோளையும் அரை நிமிடம்போல விடாமல் கேட்க வேண்டியிருக்கிறது. வெட்டவெளியில் இது பெரிய காரியமில்லை. மரத்தடியில், பாறைச் சரிவில், நடந்துகொண்டே கேட்டால் நடுவில் அறுந்துபோகும். அறுந்த பகுதிக்கு அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை செயலி கடைசியாகத் தெரிந்த இடத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். உங்கள் நண்பர் வத்திராயிருப்பில் கடைசியாக மேப்பைப் பார்த்துவிட்டு, போனைப் பையில் போட்டு, காட்டுக்குள் போன பிறகுதான் மறுபடி எடுத்திருப்பார். கூகுள் மேப்பில் இதைக் கண்டுபிடிப்பது எளிது: புள்ளி நீலமாக இல்லாமல் சாம்பல் நிறமாக இருந்தால் அது பழைய செய்தி.

வைத்தியம் சின்னதுதான். கடைசியாக டவர் இருக்கும் இடத்தில், தலைக்கு மேலே வானம் தெரிய நின்று, மேப்பைத் திறந்து இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள். புள்ளி உங்கள் காலடிக்கு வந்த பிறகு நடங்கள். அப்படி வாங்கிய விவரம் சில மணி நேரத்துக்குத் தாங்கும். திறந்த வெளியில் போன் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். அடர்ந்த காட்டிலும் பள்ளத்திலும் சமிக்ஞை பாறையில் மோதித் திரும்புவதால் பல மீட்டர் தள்ளிக் காட்டும். புள்ளியைச் சுற்றி வெளிர்வட்டம் பெரிதானால் அதைச் சந்தேகப்படுங்கள். பாதை உங்கள் காலடியில் தெளிவாக இருக்கும்போது, புள்ளி பத்தடி தள்ளிக் காட்டுகிறதே என்று புதருக்குள் இறங்க வேண்டாம்.

மூன்றாவது, சார்ஜ். டவர் இல்லாத இடத்தில் போன் சும்மா இருப்பதில்லை; எங்கேயாவது டவர் கிடைக்குமா என்று விடாமல் தேடிக்கொண்டே இருக்கும். உங்கள் பேட்டரியைக் குடித்தது பெரும்பாலும் அதுதான். புள்ளி காலடிக்கு வந்ததும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். இப்போதைய போன்களில் அதனால் ஜிபிஎஸ் நிற்காது. நான்கு பேரும் நான்கு போனில் மேப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு போன் பார்க்க, இரண்டு போன் அணைத்துப் பையில்.

இறங்கும்போது வழி தவறியதற்கு மேப்பை விட நல்ல மருந்து, ஏறும்போதே நீங்கள் நடந்த தடத்தைப் பதிவு செய்வது. இரண்டு செயலியிலும் அந்த வசதி உண்டு. இறங்கும்போது உங்கள் கோட்டின் மேலேயே உங்கள் புள்ளி போகிறதா என்று கிளைப்பாதை வரும் இடங்களில் மட்டும் பார்த்தால் போதும். விலகினால் சற்றுத் தூரத்திலேயே தெரிந்துவிடும். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது, நானே மாட்டியிருக்கிறேன். திரை அணைந்ததும் பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று போன் அந்தச் செயலியைத் தூங்கவைத்துவிட்டது. மேலே போய்த் திறந்தால் அடிவாரத்திலிருந்து கோயிலுக்குக் குருவி பறந்தமாதிரி ஒரே நேர்கோடு! போன் அமைப்பில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். ஏறத் தொடங்கிப் பத்து நிமிடம் திரையை அணைத்து நடந்து, பிறகு திறந்து பாருங்கள். கோடு வளைந்து வளைந்து வளர்ந்திருந்தால் சரி.

ஆடி அமாவாசைக்கு என்றால் இவ்வளவும் வேண்டியிருக்காது. முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்தே ஏறிவிடலாம், வழி தவற வேண்டுமென்றால்தான் சிரமம். கூட்டமில்லாத நாளில்தான் இது கைகொடுக்கும். ஏற அனுமதிக்கும் நாளும் நேரமும் மாறிக்கொண்டே இருப்பதால், அந்த வாரத்து வனத்துறை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்கிற மாதிரி மேப்பில் எங்கள் ஊருக்கு மேற்கே மலை ஏறி உச்சி வரைக்கும் புள்ளிக்கோடு போகிறது. அதற்கு மேல் வெறுமை. போகலாமா?

- ஒரு வாசகர், வாசுதேவநல்லூர்

பதில்: உச்சிக்கு மேல் வெறுமையாக இருப்பது, அந்தப் பக்கம் கேரளா என்பதால். மாநிலத்துக்கு மாநிலம் கோப்பு தனி. அதையும் இறக்கினால் தெரியும். ஆனால் போகலாமா என்பதற்குப் பதில், கூடாது. சதுரகிரியையே எடுத்துக்கொள்ளுங்கள்: தாணிப்பாறை வழி மட்டுமல்ல, வருசநாடு பக்கமிருந்தும், சாப்டூர் வாழைத்தோப்பிலிருந்தும் பாதைகள் உண்டு. ஒரு பாதையில் போக அனுமதி இருக்கும், இன்னொன்றில் இருக்காது. மேப் எல்லாவற்றையும் ஒரே புள்ளிக்கோடாகத்தான் போடும். அந்த மலை இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அனுமதியில்லாத காட்டுக்குள் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்றே விதிகள் வந்தன. வனத்துறை 2024-இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் வழிகாட்டியோடு போக 40 பாதைகள் இருக்கின்றன. அதில் ஒன்றைப் பிடியுங்கள்.

கேள்வி: டவர் இல்லாத இடத்துக்கு, வெளிநாட்டிலிருக்கும் மைத்துனர் சாட்டிலைட் போன் கொண்டுவருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

- ஒரு வாசகி, புளியங்குடி

பதில்: வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள் அம்மா. இந்தியாவில் அரசு அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே அவர் மாட்டிக்கொள்வார். அவசரத்துக்கு 112 இருக்கிறது; உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் பக்கத்தில் வேறு எந்த நிறுவனத்தின் டவர் இருந்தாலும் போகும். எந்த டவருமே இல்லையென்றால் அதுவும் போகாது. அதனால் எந்தப் பாதை, யார் யார், எத்தனை மணிக்கு அடிவாரம் திரும்புவீர்கள் என்று காகிதத்தில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பியதும் முதல் போன் அவர்களுக்கு.