அழிந்த மதிப்பெண்களை மீட்டல்

ஒரே ஏட்டில் பலர் எழுதும்போது, ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதிவிடுவது உண்டு. கூகுள் ஷீட்ஸில் வைக்கப்பட்ட ஓர் அகமதிப்பீட்டு ஏட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்தகைய பிழையை நீக்கும் முறையைக் காண்போம்.

மாணவர் 62 பேர். A நெடுவரிசையில் பதிவெண், B-இல் பெயர், C-இல் முதல் தேர்வு மதிப்பெண். காலை 11.40 மணிக்கு ஒரு விரிவுரையாளர் வேறு வகுப்பின் மதிப்பெண்களைத் தவறுதலாக C-இல் ஒட்டிவிடுகிறார். அதனை அறியாத வேறிருவர் பிற்பகலில் D, E நெடுவரிசைகளை நிரப்புகின்றனர். மாலை 3 மணிக்குத்தான் பிழை தெரியவருகிறது.

File பட்டியலில் Version history, அதனுள் See version history என்பதைத் திறந்தால், ஏட்டின் முந்தைய வடிவங்கள் நேரத்துடனும் மாற்றியவர் பெயருடனும் வலப்புறம் தோன்றும். திருத்தும் உரிமை இல்லாதார்க்கு இது கிட்டாது. பல மாற்றங்கள் ஒரே தலைப்பின்கீழ் மடங்கியிருக்கக்கூடும். பக்கத்திலுள்ள அம்புக்குறியைத் தொட்டால் விரியும். ஒவ்வொருவர் மாற்றிய கட்டங்களும் அவரவர்க்குரிய நிறத்தில் காட்டப்படும். C முழுதும் ஒரே நிறமாக மாறிய வடிவமே பிழை நேர்ந்த இடம். நமக்கு வேண்டியது அதற்கு முந்தியது.

இங்கேதான் பலர் அவசரப்படுகின்றனர். Restore this version என்ற பொத்தானை அழுத்தினால் ஏடு முழுவதும் காலை நிலைக்குத் திரும்பும். C சரியாகிவிடும், ஆனால் D, E வெறுமையாகும். (அவ்வாறு செய்துவிட்டாலும் அஞ்ச வேண்டுவதில்லை. பிற்பகல் வடிவமும் அதே பட்டியலில் இருக்கும்.) ஆகவே, பழைய வடிவத்தின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு Make a copy என்பதைத் தேர்ந்தெடுத்து, அதனைத் தனி ஏடாக்கிக்கொள்ள வேண்டும். பின்பு அதிலிருந்து C நெடுவரிசையை மட்டும் எடுத்து இன்றைய ஏட்டில் ஒட்டலாம்.

ஒட்டுமுன் ஓர் ஐயம் தீர வேண்டும். இடையில் யாரேனும் ஏட்டை அகர வரிசையிலோ மதிப்பெண் வரிசையிலோ அடுக்கியிருந்தால், ஒருவர் மதிப்பெண் மற்றொருவர்க்குப் போய்விடும். பார்வைக்கு எண்கள் எல்லாம் இயல்பாகவே தோன்றும் என்பதால் இப்பிழை முதற்பிழையினும் கொடியது. பழைய ஏட்டின் பதிவெண்களை வெறுமையான H நெடுவரிசையில் ஒட்டி, I2 கட்டத்தில் இவ்வாறு எழுதி, 63-ஆம் வரிசை வரை இழுக்க வேண்டும்:

```
=A2=H2
```

எல்லாம் TRUE எனில் வரிசை மாறவில்லை. ஓரிடத்தில் FALSE வந்தாலும் ஒட்டுதல் கூடாது. H, I இரண்டையும் துடைத்துவிட்டு, இரு ஏடுகளையும் பதிவெண் முறையில் அடுக்கி, மறுபடி ஒப்பிட வேண்டும். அதன்பின்னும் FALSE வந்தால், இடையில் ஒரு மாணவர் சேர்க்கப்பட்டோ நீக்கப்பட்டோ இருக்கிறார். அவ்விடத்தைக் கையால்தான் சரிசெய்ய இயலும்.

ஒட்டும்போது Ctrl+Shift+V அழுத்தினால் எண்கள் மட்டும் வரும். பழைய நிறமும் எழுத்தமைப்பும் உடன்வாரா. முடிந்தபின் H, I நெடுவரிசைகளை நீக்கி, C-இன் ஐந்தாறு மதிப்பெண்களை விடைத்தாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.