கொழும்பில் லாபம், கோவையில் சரிவு

2022 மார்ச் 7 அன்று இலங்கை மத்திய வங்கி, டாலருக்கு 230 ரூபாய் வரை விலை போகலாம் என்று பிடியைத் தளர்த்தியது. மாதம் முடிவதற்குள் அது 300-ஐ நெருங்கிவிட்டது. கொழும்பில் துணை நிறுவனம் வைத்திருந்த இந்திய நிறுவனங்களுக்கு, கணக்காண்டு முடிய மூன்று வாரம் இருக்கும்போது விழுந்த அடி இது.

முந்தைய மார்ச் இறுதியில் ஒரு இலங்கை ரூபாயின் மதிப்பு நம் பணத்தில் சுமார் 37 பைசா. 2022 மார்ச் 31-ல் ஏறக்குறைய 25 பைசா. சரிவு கடைசியில் வந்ததால், ஆண்டுச் சராசரி மட்டும் 36 பைசா அளவிலேயே நின்றது. சராசரிக்கும் ஆண்டிறுதி விலைக்கும் நடுவில் விழுந்த இந்தப் பள்ளம்தான் அந்த ஏப்ரலில் பல கணக்குப் பிரிவுகளைத் திணறடித்தது.

விதி சிக்கலானதல்ல. இண்ட் ஏஎஸ் 21-ன்படி சொத்து, கடன் எல்லாம் ஆண்டிறுதி விலையில் மாறும். வரவு செலவு, நடந்த நாளின் விலையில். வசதிக்காகச் சராசரி எடுக்கலாம். பங்கு மூலதனத்தை, வழக்கத்தில், முதலீடு செய்த நாளின் விலையிலேயே விட்டுவிடுவார்கள். மூன்று விலையில் மாற்றினால் பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாது. அந்த வித்தியாசம் லாப நஷ்டக் கணக்குக்குள் போகாமல், அதற்குக் கீழே பிற விரிவான வருமானத்தில் காட்டப்பட்டு, பங்கு மூலதனத்தோடு தனிக் கையிருப்பாகச் சேரும். துணை நிறுவனத்தில் வெளியாருக்கும் பங்கு இருந்தால், அவர்கள் பங்குக்கான வித்தியாசம் அவர்கள் கணக்கில் சேரும்.

அப்போது நான் பார்த்த கோவைக் குழுமம் ஒன்றின் கணக்கை, எண்களை எளிதாக்கிச் சொல்கிறேன். கொழும்பு நிறுவனத்தின் நிகர சொத்து ஆண்டுத் தொடக்கத்தில் 10 கோடி இலங்கை ரூபாய். ஆண்டு லாபம் 2 கோடி. ஆக முடிவில் 12 கோடி. தொடக்க 10 கோடி, 37 பைசா வீதம் 3.70 கோடி. லாபம் 36 பைசா வீதம் 72 லட்சம். கூட்டினால் 4.42 கோடி இருக்க வேண்டும். ஆனால் 12 கோடியை 25 பைசாவில் மாற்றினால் வருவது 3 கோடிதான். வித்தியாசம் 1.42 கோடி.

முதலாளி ஷீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “கொழும்புல லாபம்ங்கறீங்க, கீழ ஒண்ணேகால் கோடிகிட்ட நஷ்டம்னு இருக்குதே தம்பி?” கணக்காளர் தந்த பதில் நேர்மையானது: “பணம் எதுவும் போகலைங்க. அவங்க விக்கறதும் வாங்கறதும் அவங்க ரூபாயிலதான். நம்ம பணத்துல அளந்தா சிறுத்துத் தெரியுதுங்க.” லாபத்தோடு கலக்காமல் தனியே வைக்கச் சொல்வதும் இதனால்தான்.

இருந்தும் அந்த ஷீட்டில் ஒரு பிழை இருந்தது. வித்தியாசம், இரு பக்கமும் சமமாகும்படி தானாக நிரப்பும் ஃபார்முலாவில் வந்துகொண்டிருந்தது. லாபத்தையும் யாரோ 25 பைசாவில் மாற்றியிருந்தார்கள். லாபம் 50 லட்சமாகக் குறைந்தது, வித்தியாசமும் 1.20 கோடியாகச் சுருங்கியது. பேலன்ஸ் ஷீட் அழகாகச் சமமாக நின்றது. மொத்தம் சரியாக இருக்கிறதே என்று விட்டால் இது கடைசிவரை தெரியாது.

பிடிக்கும் வழி, வித்தியாசத்தைத் தனியாகக் கணக்கிட்டு ஒப்பிடுவது. தொடக்க 10 கோடி, 37-லிருந்து 25 பைசாவுக்கு இறங்கியதில் 1.20 கோடி. லாபம் 2 கோடி, 36-லிருந்து 25-க்கு இறங்கியதில் 22 லட்சம். ஷீட்டில் இருப்பதும் 1.42 கோடி என்றால் நிம்மதி. 22 லட்சம் குறைந்தால் எங்கே தேட வேண்டும் என்பதை அந்தத் தொகையே சொல்லிவிடும்.

சராசரியும் எல்லாவற்றுக்கும் ஒத்துவராது. விலை கடுமையாக ஆடும்போது ஆண்டுச் சராசரியை எடுப்பது தகாது என்று விதியே சொல்கிறது. மாதவாரி விலை எடுத்தால் மார்ச் மாத விற்பனை மார்ச் விலையில் வரும். என் மட்டில், 2021-22 கணக்கில் இது விருப்பமல்ல, கட்டாயம்.

இன்னொரு இடம், தாய் நிறுவனம் இந்திய ரூபாயில் கொடுத்த கடன். ஒரு கோடி கடன், கொழும்புப் புத்தகத்தில் 37 பைசா விலைக்கு 2.70 கோடி, 25 பைசா விலைக்கு 4 கோடி. அங்கே 1.30 கோடி இலங்கை ரூபாய் நஷ்டம். தொகுக்கும்போது கடனும் வரவும் ஒன்றையொன்று அடித்துவிடும். இந்த நஷ்டம் மட்டும் லாப நஷ்டக் கணக்கிலேயே தங்கும். கடன் திரும்பி வரும் திட்டமும் இல்லை, வாய்ப்பும் இல்லை என்றால் மட்டுமே தொகுப்புக் கணக்கில் அது பிற விரிவான வருமானத்துக்கு நகரும்.

துணை நிறுவனத்தின் விலையும் செலவும் டாலரிலேயே நடந்தால் அதன் செயல்பாட்டு நாணயமே டாலராகிவிடும். மேலே சொன்ன சரிவு இந்த வடிவில் வராது. அதனால் செயல்பாட்டு நாணயத்தை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

தனிக் கையிருப்பில் சேர்ந்த தொகை அங்கேயே உறங்கிவிடாது. கொழும்பு நிறுவனத்தை முழுதாக விற்கும் ஆண்டில் தாய் நிறுவனத்தின் பங்கிலுள்ளதெல்லாம் லாப நஷ்டக் கணக்குக்கு வந்து, விற்பனை லாபத்தைக் குறைக்கும் அல்லது நஷ்டத்தைக் கூட்டும். பேரம் பேசும்போதே அந்தத் தொகையை எடுத்துப் பார்த்துக்கொள்ளுமாறு அந்த முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன்.