ஹேண்டில் மீட்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

எக்ஸ் தளத்தில் ஒரு ஹேண்டிலை ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகிய 37 குறிகளைக் கொண்டுதான் அமைக்க முடியும். மூன்றே குறிகள் கொண்ட பெயர்கள் என்று கணக்குப் போட்டால் மொத்தம் 50,653 தேறும். உலகம் முழுவதற்கும் அவ்வளவுதான். சுருக்கமான பெயர் வேண்டுவோர் பழைய, ஓசையற்ற கணக்குகளைக் குறிவைப்பது இதனால்தான்.

ஆறு மாதம் பதிவு எதுவும் இல்லையென்றால் பெயர் தானாக விடுபட்டுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2019 நவம்பரில் ட்விட்டர், ஆறு மாதமாக உள்நுழையாத கணக்குகளை டிசம்பர் 11-க்குப் பிறகு நீக்கப்போவதாக அறிவித்தது. இறந்துபோனவர்களின் கணக்குகளும் அதோடு அழிந்துவிடும் என்று எதிர்ப்பு எழ, ஓரிரு நாளிலேயே திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. அறிவிப்பு மட்டும் நினைவில் தங்கிவிட்டது. தளம் கணக்கில் கொள்வது பதிவுகளை அல்ல, உள்நுழைவை. பத்து ஆண்டுகளாக ஒரு வரிகூட எழுதாதவர் நேற்று இரவு உள்ளே வந்து படித்துவிட்டுப் போயிருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. செயலற்ற கணக்கு என்று உறுதியானாலும் அதன் பெயர் கேட்டவருக்குப் போய்விடாது. 2025-இல் எக்ஸ் தொடங்கிய ஹேண்டில் சந்தையும் கட்டணச் சந்தாதாரர்களுக்கானது. குட்டிப் பெயர்கள் அங்கே விலைப்பொருள்.

ஆள்மாறாட்டக்காரர் பிடித்துக்கொண்ட பெயரைப் புகார் செய்தால் மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கைதான் அதிகம் ஏமாற்றுகிறது. ஒரு சிறு பதிப்பகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஆறெழுத்துப் பெயரில் யாரோ கணக்குத் திறந்து, அதே சின்னத்தை முகப்புப் படமாக வைத்து, வாசகர்களிடம் முன்பணம் கேட்கிறார். பதிப்பகம் ஆள்மாறாட்டப் புகார் அளிக்கிறது. ஆவணங்களைப் பார்த்துத் தளம் கணக்கை முடக்குகிறது. மோசடி நின்றது, ஆனால் பெயர் வரவில்லை. முடக்கப்பட்ட கணக்கு அழிந்துவிடுவதில்லை. பெயரைக் கட்டிப்பிடித்தபடியே உள்ளே கிடக்கிறது. புதிதாகப் பதிய முயன்றால், அந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்றுதான் பதில் வரும்.

பெயரே வேண்டுமென்றால் போக வேண்டிய வழி வணிகச்சின்னப் புகார். அதற்கெனத் தனிப் படிவம் இருக்கிறது. சின்னம் எந்த நாட்டில், எந்த எண்ணில் பதிவானது என்பதைக் காட்ட வேண்டும். கடைப் பலகையும் ஜிஎஸ்டி சான்றிதழும் இதற்கு ஈடாகா. உரிமையாளர் தாமே பயன்படுத்துவதற்காகப் பெயரை விடுவிக்கலாம் என்று எக்ஸின் வணிகச்சின்னக் கொள்கை சொல்கிறது; விடுவித்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே பதிப்பகம் முதல் நாளே இரண்டு புகார்களையும் அளித்து, இரண்டாவதில் பெயர் தனக்குத் தேவை என்பதை வெளிப்படையாக எழுதுவது நல்லது. எதிரில் இருப்பவர் அதே பெயருள்ள வேறொரு மனிதராகவோ, தொடர்பற்ற வேறு தொழில் செய்பவராகவோ இருந்தால் எந்தப் புகாரும் நிற்காது. பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் ஆள்மாறாட்டம் ஆகாது.

பெயர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை முகவரியைத் திறந்து பார்த்தால் ஓரளவு அறியலாம். `Account suspended` என்று வந்தால் அது முடக்கப்பட்ட கணக்கு. `This account doesn’t exist` என்று வந்தும் பதிய முடியாவிட்டால், உரிமையாளர் அண்மையில் கணக்கை மூடியிருக்கக்கூடும். 30 நாளுக்குள் அவர் திரும்பி வர இயலும்.

சொந்தப் பெயரையே இழப்பவர்களும் உண்டு. பழைய கணக்கை மூடிவிட்டால் பெயர் உடனே காலியாகும், புதிய கணக்குக்கு அதை வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணி மூடிவிடுகிறார்கள். முறை நேர்மாறானது. இரண்டு உலாவிகளில் இரண்டு கணக்குகளையும் திறந்து வைத்து, பழையதன் ஹேண்டிலை முதலில் வேறொன்றாக மாற்றி, அடுத்த நொடியே புதியதில் பழைய பெயரை இட்டுச் சேமிக்க வேண்டும். மூடுவது அதற்குப் பிறகுதான். இடைவெளி நீண்டால், காலியாகும் குட்டிப் பெயர்களுக்காகவே காத்திருக்கும் தானியங்கி நிரல்கள் முந்திக்கொள்ளும்.

முதலில் எடுத்தவருக்கே பெயர் சொந்தம் என்பதும் உண்மையல்ல. 2023 ஜூலையில் ட்விட்டர் தன் பெயரை எக்ஸ் என்று மாற்றியபோது, `@x` சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஒரு புகைப்படக்காரரிடம் இருந்தது. 2007 முதல் அவர் வைத்திருந்த ஹேண்டில் அது. நிறுவனம் பணம் எதுவும் தராமல் அதை எடுத்துக்கொண்டு, அவருக்கு எண்கள் நீண்டு தொடரும் வேறொரு பெயரைக் கொடுத்தது.