மும்பையா, நாக்பூரா? மிஞ்சும் தொகையே கணக்கு

பணி நியமனக் கடிதத்தில் காணும் ஆண்டுத் தொகை முழுவதும் கைக்கு வருவதன்று. நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதிப் பங்கும் பணிக்கொடையும் அதில் அடங்கியிருக்கும்.

ஒருவருக்கு மும்பையில் 12 லட்சம், நாக்பூரில் 9.6 லட்சம் ரூபாய்க்கு வேலை வாய்ப்பு வந்துள்ளதாகக் கொள்வோம். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் 12.75 லட்சம் வரையிலான சம்பளத்திற்கு வருமான வரி இல்லை. எனவே வரியால் இரண்டிற்கும் வேறுபாடு எழாது.

மும்பைத் தொகையில் 1.4 லட்சம் செயல்திறன் ஊதியம்; ஆண்டிறுதியில், நிபந்தனைக்கு உட்பட்டே கிடைப்பது. அதனை ஒதுக்கிவிட்டு, தம் வைப்பு நிதிப் பங்கும் தொழில் வரியும் போக மாதந்தோறும் கைக்கு வருவது 73,800 ரூபாய். வாடகை 28,000, பயணம் 3,000 கழிந்தால் மிஞ்சுவது 42,800.

நாக்பூரில் செயல்திறன் ஊதியம் இல்லை. கைக்கு வரும் 68,300 ரூபாயில் வாடகை 14,000, பயணம் 1,500 போக 52,800 மிஞ்சும்.

மாதம் 10,000 ரூபாய் நாக்பூருக்குச் சாதகம். எனினும், மும்பைப் பணியில் வைப்பு நிதியில் மாதம் 2,400 ரூபாய் கூடுதலாகச் சேரும். அதுவும் அவருடைய பணமே. ஆதலால் மெய்யான வேறுபாடு ஆண்டுக்கு 91,200 ரூபாய். செயல்திறன் ஊதியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால்தான் மும்பை ஈடாகும். கடந்த ஆண்டுகளில் அத்தொகை எவ்வளவு வழங்கப்பட்டது என்பதைக் கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடுக.